பொசிஷன் 0.5, ரிப்போர்ட்ல 0.64: அந்த ஓட்டை பாஸா ஃபெயிலா?

"அண்ணா, 120க்கு 80 கவர் பிளேட்ல நாலு M8 போல்ட் ஓட்டை, சைஸ் 8.5லேருந்து 8.8 வரைக்கும். டிராயிங்ல ஒரு பெட்டிக்குள்ள பொசிஷன் 0.5, பக்கத்துல வட்டத்துக்குள்ள M, அப்புறம் A, B, C. சிஎம்எம்ங்கற அளக்கற மெஷின்ல ஒரு ஓட்டை மட்டும் 0.64 வந்திருக்கு. கியூசி ரிஜெக்ட்ங்கறார், எங்க சூப்பர்வைசர் போனஸ் இருக்கு, பாஸ்ங்கறார். யாரு சொல்றது சரி? இந்த போனஸ்னா என்ன?"

தம்பி, ரெண்டு பேருமே பாதி பாதி சொல்றாங்க, ஏன்னா அந்த ஓட்டை எவ்ளோ சைஸ் வந்திருக்குன்னு நீ எழுதவே இல்ல. அந்த நம்பர் இல்லாம 0.64ங்கறது பாஸும் இல்ல ஃபெயிலும் இல்ல. அதே ஓட்டை 8.70 இருந்தா பாஸ், 8.62 இருந்தா ஃபெயில். ஏன்னு சொல்றேன், ஆனா முதல்ல அந்தப் பெட்டிய சரியா படிச்சிடலாம், ஏன்னா பாதி சண்டை அங்கதான் ஆரம்பிக்குது.

```
4X Ø8.5 - 8.8
⌖ | Ø0.5 Ⓜ | A | B | C
```

டிராயிங்ல ஓட்டை இருக்க வேண்டிய இடத்தை 20, 100, 60ன்னு கட்டம் கட்டி போட்டிருப்பாங்க பாரு, அந்த கட்டம் போட்ட டைமென்ஷனுக்கு டாலரன்ஸ் கிடையாது, அது கணக்குல வர்ற சுத்தமான இடம். அந்த இடத்தை நடுவா வச்சு 0.5 டயால ஒரு உருளை நிக்குதுன்னு நினைச்சுக்க, பிளேட் தடிமன் முழுக்க. உன் ஓட்டையோட ஆக்ஸிஸ் மேல இருந்து கீழ வரைக்கும் அந்த உருளைக்குள்ளயே இருக்கணும், அவ்ளோதான். 0.5க்கு முன்னாடி டயா குறி இருக்கறதால அது விட்டம், அதாவது நடுவுல இருந்து எந்தப் பக்கமும் 0.25 தான் நகரலாம். இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, தூரம் 0.32 வந்தா "0.5க்குள்ள தானே இருக்கு"ன்னு விட்டுடறாங்க, அதை ரெண்டால பெருக்கணும்.

```
P = 2 × √(dx² + dy²)
```

உன் ஓட்டைக்கு 0.64 வரணும்னா உதாரணமா X-ல 0.25, Y-ல 0.20 தள்ளி இருந்திருக்கும், தூரம் 0.32, ரெண்டு மடங்கு 0.64. பழைய பிளஸ் மைனஸ் முறையில இதே டிராயிங்க ±0.18ன்னு போட்டிருப்பாங்க, அது சதுரமான இடம், மூலைக்குப் போனா 0.25 வரைக்கும் விடும், நேரா போனா 0.18லயே ரிஜெக்ட். போல்ட்டுக்கு மூலையும் தெரியாது பக்கமும் தெரியாது, வட்டமா தானே இருக்கு. அதனால அந்த சதுரத்தோட நாலு மூலையும் தொடற மாதிரி வட்டம் போட்டாங்க, ஏரியா 57 சதவீதம் கூடுது, வேலைக்கு ஒரு கெடுதலும் இல்ல. இந்த யோசனைய ஸ்காட்லாந்துல ஒரு டார்பிடோ ஃபேக்டரில இருந்த ஸ்டான்லி பார்க்கர்ங்கறவர் பேர்ல சொல்வாங்க, ரெண்டாம் உலகப்போர் சமயம். அது சும்மா ஒரு தகவலுக்கு.

இப்ப A, B, C. இதுக்கு டேட்டம்னு பேரு, வெறும் எழுத்து இல்ல, ஜாப்ப எந்த வரிசைல உக்கார வைக்கணும்ங்கற உத்தரவு. முதல்ல A, அதாவது பிளேட்டோட அடி முகம், அது மூணு புள்ளில உக்காரும். அப்படியே A மேல வச்சபடி B பக்கத்துக்கு, உன் பிளேட்ல 120 நீளப் பக்கம்னு வச்சுக்குவோம், அதை ரெண்டு புள்ளி தொடற வரைக்கும் தள்ளு. கடைசியா C, 80 பக்கம், அது ஒரே ஒரு புள்ளி தொட்டா போதும். வரிசை மாறினா ஜாப் உக்கார்ற விதமே மாறிடும், அளவும் மாறிடும்.

எப்படின்னு ஒரு கணக்கு பாரு. C பக்கம் B-க்கு சரியான 90 டிகிரி இல்ல, 80 மிமீ நீளத்துல 0.2 சாய்வுன்னு வை, கட்டிங்லயோ மில்லிங்லயோ இது சாதாரணமா வர்றதுதான். அது ஒரு மில்லிமீட்டருக்கு 0.0025 சாய்வு. செட்டர் அவசரத்துல C பக்கத்தை முழுசா ஸ்டாப்பர்ல ஒட்டி, அதாவது அதுக்கு ரெண்டு புள்ளி கொடுத்து, B-க்கு ஒரு புள்ளி மட்டும் கொடுத்து ட்ரில் பண்ணிட்டான். மெஷின்ல பார்த்தா எல்லா பிட்சும் சுத்தம், 80 போட்டா 80, 40 போட்டா 40. அவன் "நான் கரெக்டா தான் போட்டேன்"னு சத்தியம் பண்ணுவான், அது பொய்யும் இல்ல. ஆனா டிராயிங் சொன்ன மாதிரி B-க்கு முதல் உரிமை கொடுத்து சிஎம்எம்ல அளந்தா மொத்த பேட்டர்னும் சுத்தி திரும்பி நிக்கும். மூலைல இருந்து X-ல 100, Y-ல 60ல இருக்கற ஓட்டை Y-ல 0.25, X-ல 0.15 நகர்ந்திருக்கும், கணக்கு போட்டா பொசிஷன் 0.58. ட்ரில் ஒரு மைக்ரான் கூட தப்பு பண்ணாம, உக்கார வச்ச தப்புலயே டாலரன்ஸ் காலி.

இதுக்கு நேர் எதிரும் நடக்கும். செட்டர் சரியா பண்ணியிருப்பான், சிஎம்எம்ல புரோகிராம் போட்டவர் C-ல ரெண்டு புள்ளி, B-ல ஒரு புள்ளின்னு எடுத்திருப்பார், அப்ப நல்ல ஜாப் ரிஜெக்ட் ஆகும். அதனால ரிப்போர்ட்ட நம்பறதுக்கு முன்னாடி அலைன்மென்ட் எந்த வரிசைல எடுத்திருக்குன்னு கேட்டுப் பாரு. இன்னொரு விஷயம், B-யும் C-யும் கரடுமுரடா இருந்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல தொடும், அளவு ஆடிக்கிட்டே இருக்கும், ஒரே ஜாப்ப எடுத்துட்டு திரும்ப வச்சா வேற நம்பர் வரும். டேட்டமா போட்ட பக்கங்களுக்கும் தட்டையா இருக்கணும், A-க்கு செங்குத்தா இருக்கணும்னு தனியா ஒரு டாலரன்ஸ் டிராயிங்ல இருக்கணும். அது இல்லாத டிராயிங் வந்தா நான் திருப்பிக் கேட்டுடுவேன்.

நாலு ஓட்டையோட dx, dy-ய ஒரு பேப்பர்ல வரிசையா எழுதிப் பார்த்தாலே என்ன ஆச்சுன்னு தெரிஞ்சிடும். நாலும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருந்தா ஆரிஜின் எடுத்தது தப்பு, எட்ஜ் ஃபைண்டர்லயோ பர்ர்லயோ பிரச்சனை. X கூடக் கூட dy கூடிட்டே போச்சுன்னா, அதே மாதிரி Y கூடக் கூட dx எதிர்ப்பக்கமா கூடிச்சுன்னா, மேல சொன்ன சுத்தல் தான். மூணு ஓட்டை 0.1, 0.15ன்னு இருந்து ஒண்ணு மட்டும் 0.64னா ட்ரில் நழுவியிருக்கு, சென்டர் ட்ரில் போடாம நேரா இறக்கியிருப்பாங்க, இல்ல ட்ரில் முனை ஒரு பக்கம் தேஞ்சிருக்கும். நீ "ஒரு ஓட்டை மட்டும்"னு எழுதியிருக்கறதால உன்னுது இந்த மூணாவது வகைன்னு தான் நினைக்கறேன், மத்த மூணையும் ஒரு தடவை பார்த்துக்க.

சரி, போனஸுக்கு வருவோம். இந்த 0.5 எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல புரியணும். கவர்லயும் அடில இருக்கற பிளேட்லயும் ரெண்டுலயுமே கிளியரன்ஸ் ஓட்டை, போல்ட் ரெண்டையும் கடந்து போய் அந்தப் பக்கம் நட்டுன்னா, டிசைனர் போட்ட கணக்கு சிம்பிள்: ரொம்ப சின்ன ஓட்டை 8.5, ரொம்ப பெரிய போல்ட் 8.0, வித்தியாசம் 0.5, அதையே ரெண்டு பிளேட்டுக்கும் கொடுத்துட்டார். அதாவது ஓட்டை எவ்ளோ சின்னதா வர முடியுமோ அவ்ளோ சின்னதா வந்தாலும் போல்ட் போகணும்ங்கற மோசமான நிலைய வச்சு போட்ட நம்பர் அது. அந்த நிலைக்கு பேரு தான் எம்எம்சி, மேக்ஸிமம் மெட்டீரியல் கண்டிஷன், அதாவது பிளேட்ல மெட்டல் அதிகமா மிச்சம் இருக்கற நிலை. ஓட்டைக்கு அது சின்ன சைஸ், ஷாஃப்ட்டுக்கு பெரிய சைஸ்.

இப்ப ஓட்டை 8.5 வராம 8.7 வந்துச்சுன்னு வை. போல்ட் அதே 8.0. இடைவெளி 0.5லேருந்து 0.7 ஆயிடுச்சு, அப்ப ஓட்டை நடுவுல இருந்து 0.25க்கு பதிலா 0.35 நகர்ந்தாலும் போல்ட் அதே மாதிரி உள்ள போகும். டிசைனர் அந்த வட்டத்துக்குள்ள M-ங்கற குறிய போட்டு சொல்றது இதைத்தான், "ஓட்டை 8.5ஐ விட எவ்ளோ பெருசா வந்திருக்கோ அவ்ளோ பொசிஷன்ல கூட விட்டுக்கொடு". 8.7 மைனஸ் 8.5, போனஸ் 0.2, மொத்தம் 0.7. ஓட்டை 8.8 முழுசா வந்தா 0.8. 8.5லயே நின்னா போனஸ் சுத்தமா இல்ல, அதே 0.5 தான். தீபாவளி போனஸ் மாதிரி எல்லாருக்கும் ஒரே சதவீதம் கிடையாது, ஒவ்வொரு ஓட்டையும் தன் சைஸ வச்சு தனியா சம்பாதிச்சுக்கணும், ஒண்ணாம் நம்பர் ஓட்டை பெருசா இருக்குன்னு அதோட போனஸ மூணாம் நம்பருக்கு கொடுக்க முடியாது. நாலுத்துலயும் சராசரி எடுத்து ஒரே போனஸ் போட்ட ரிப்போர்ட்ட நானே பார்த்திருக்கேன், ஒரு சப்ளையர் கிட்டேருந்து வந்தது, அசெம்ப்ளில போய் மாட்டிக்கிச்சு.

வேற மாதிரியும் பார்க்கலாம், எனக்கு இதுதான் பிடிக்கும். 8.5லேருந்து 0.5ஐ கழி, 8.0. நாலு சரியான இடத்துலயும் 8.0 டயால நாலு பின் நட்டு ஒரு கேஜ் பண்ணு, அடில A முகத்துக்கு பேஸ், பக்கத்துல B-க்கும் C-க்கும் ஸ்டாப்பர். பிளேட்ட A-ல உக்கார வச்சு B, C-ல ஒட்டின நிலைல நாலு பின்னும் உள்ள போச்சுன்னா பொசிஷன் ஓகே. ஓட்டை எந்த சைஸா இருந்தாலும் அந்த 8.0 எல்லைக்குள்ள மெட்டல் வரக்கூடாது, M போட்டதோட முழு அர்த்தமும் அதுதான். போனஸ் கணக்கெல்லாம் அந்த பின் தானே பார்த்துக்கும், உனக்கு கால்குலேட்டரே வேண்டாம். ஆனா ஒண்ணு, இந்த கேஜ் ஓட்டை சைஸ பார்க்காது, 9.2 ட்ரில் போட்ட ஓட்டையும் இதுல ஜம்முனு போகும், அதனால 8.5 கோ, 8.8 நோ-கோ பிளக் கேஜ் தனியா இருக்கணும்.

உன் 0.64க்கு வா. ஓட்டை 8.70னா அனுமதி 0.70, பாஸ். 8.62னா போனஸ் 0.12, அனுமதி 0.62, 0.02ல ஃபெயில். இப்ப கேள்வி என்னன்னா அந்த சைஸ எதை வச்சு அளந்தீங்க. எங்க பழைய ஷாப்ல இதே மாதிரி ஒரு சண்டை வந்துச்சு, சூப்பர்வைசர் வெர்னியர் வச்சு 8.70ன்னார், இன்ஸ்பெக்டர் பின் போட்டுப் பார்த்து 8.62ன்னார், ரெண்டு பேரும் அளந்தது ஒரே ஓட்டைய. ரெண்டுமே உண்மை, ஓட்டை முட்டை மாதிரி இருந்துச்சு, அகலமான பக்கம் 8.70, ஆனா உள்ள நுழையற பெரிய பின் 8.62 தான். போனஸுக்கு எடுத்துக்க வேண்டியது அந்த நுழையற பின்னோட சைஸ். ஏன்னா போல்ட்டுக்கு கிடைக்கற இடம் அதுதானே, ஒரு பக்கம் அகலமா இருந்து என்ன புண்ணியம். அமெரிக்க டிராயிங் ஸ்டாண்டர்டு ஏஎஸ்எம்இ Y14.5-லயும் இதைத்தான் சொல்றாங்க, ஓட்டைக்குள்ள தொட்டுக்கிட்டு உக்கார்ற ரொம்ப பெரிய சுத்தமான உருளை எதுவோ அதோட சைஸ் தான் கணக்கு, ஆக்ஸிஸும் அதோடதுதான். சிஎம்எம்லயும் சும்மா விட்டா சராசரி வட்டம் போட்டு சைஸ கொஞ்சம் பெருசா காட்டும், உள்ள அடங்கற பெரிய வட்டம்னு ஆப்ஷன மாத்தணும், ஒரு மட்டத்துல மட்டும் தொடாம மேலயும் கீழயும் தொடணும், இல்லன்னா சாஞ்ச ஓட்டைய கண்டுபிடிக்கவே முடியாது. 0.01 ஸ்டெப்ல பின் கேஜ் செட் இருந்தா இந்த தகராறு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்.

ஃபெயில் ஆனா தூக்கிப் போட வேண்டாம். ஓட்டைய 8.75க்கு ரீமர் போட்டு பெருசாக்கு, ரீமர் பழைய ஓட்டையவே பிடிச்சுக்கிட்டு போறதால சென்டர் கிட்டத்தட்ட அதே இடத்துல இருக்கும், பொசிஷன் அதே 0.64 இருக்கும், அனுமதி 0.75 ஆயிடும். இது ஏமாத்து வேலை இல்ல, சைஸும் 8.8க்குள்ள, போல்ட்டும் போகும், டிராயிங்கே அனுமதிக்குது. திரும்ப அளந்து ரெண்டு நம்பரையும் ரிப்போர்ட்ல எழுது, ரீவொர்க் பண்ணா சொல்லணும்னு கஸ்டமர் கேட்டிருந்தா சொல்லிடு.

போனஸ் எங்க செல்லாதுன்னும் தெரிஞ்சுக்க. M குறி பெட்டிக்குள்ள இல்லன்னா போனஸே கிடையாது, ஓட்டை 8.8 இருந்தாலும் 0.5 தான். டவல் பின் ஓட்டை, பேரிங் போர் மாதிரி இடத்துல M போடக்கூடாது, அங்க வேலை "உள்ள போகணும்" இல்ல, "சரியா அந்த இடத்துல நிக்கணும்". ஓட்டை பெருசாச்சு அதனால இன்னும் தள்ளி இருக்கலாம்னு சொன்னா ரெண்டு கெடுதல் சேர்ந்து வரும். சிலர் பழக்கதோஷத்துல எல்லா ஓட்டைக்கும் M போட்டுட்டு போயிடறாங்க, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

அதே மாதிரி உன் கவர் உக்கார்ற ஹவுசிங்ல அந்தப் பக்கம் நட்டு இல்லாம டேப் போட்ட ஓட்டையா இருந்தா 0.5ங்கற நம்பரையே சந்தேகப்படு. டேப்ல போல்ட் ஏறினதும் அது ஆடாது, அசையாது, கவர் ஓட்டைக்கு மட்டும் தான் இடைவெளி. அப்ப அந்த 0.5ஐ ரெண்டு பார்ட்டும் பங்கு போட்டுக்கணும், இதுக்கு 0.25 அதுக்கு 0.25, இல்ல டேப் பண்றது கஷ்டம்னா அதுக்கு 0.3, கவருக்கு 0.2. டேப் ஓட்டைக்கு போனஸும் நடைமுறைல கிடைக்காது, திரெட் தானே போல்ட்ட நடுவுக்கு இழுத்துடுது. ரெண்டுக்கும் 0.5 போட்ட டிராயிங்ல ஒவ்வொரு பார்ட்டும் தனித்தனியா பாஸ் ஆகும், அசெம்ப்ளில நாலுல மூணு போல்ட் போகும், நாலாவது போகாது, அப்ப ஃபிட்டர் சுத்தியல எடுப்பார்.

கடைசியா ஒண்ணு, உன் டிராயிங்ல இல்ல ஆனா அடுத்த வாரமே வரும். சில ஜாப்ல B ஒரு பக்கமா இல்லாம நடுவுல ஒரு பெரிய போரா இருக்கும், பெட்டில B-க்குப் பக்கத்துலயும் அந்த M இருக்கும். அதையும் போனஸ்னு நினைச்சு ஒவ்வொரு ஓட்டைக்கும் கூட்டிடாத. நடுப் போர் பெருசா வந்தா கேஜோட நடு பின்ல ஜாப் கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டத்துல நாலு ஓட்டையும் சேர்ந்து ஒரே பக்கமா தான் நகரும், ஒண்ணு கிழக்க ஒண்ணு மேற்கன்னு போக முடியாது. அதுக்கு ஷிஃப்ட்னு பேரு. நாலு ஓட்டையும் ஒரே பக்கம் தள்ளியிருந்தா அது காப்பாத்தும், உன் ஜாப்ல மாதிரி ஒண்ணு மட்டும் தனியா ஓடியிருந்தா பெருசா உதவாது. சிஎம்எம் சாஃப்ட்வேர்ல பேட்டர்ன மொத்தமா பொருத்திப் பார்க்கற ஆப்ஷன் இருந்தா அதை வச்சுப் பாரு, கையால கூட்டாத.

இப்போதைக்கு ஒரு பின் கேஜ் செட்ட எடுத்துட்டு அந்த ஓட்டைல 8.64 போகுதான்னு பாரு, ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டே. போச்சுன்னா அனுமதி 0.64, கரெக்டா கோட்டு மேல நிக்குது, டிராயிங் படி பாஸ், ஆனா சிஎம்எம்மோட தடுமாற்றத்த நினைச்சா நான் அதை 8.7க்கு ரீமர் போட்டுட்டு தான் அனுப்புவேன்.